எந்த அன்று?

சினிமாவில் ஃப்ளாஷ்பேக் வந்தால் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். ஹீரோவுக்கு மீசை இருக்காது. காகிதத்தில் அந்த வசதி கிடையாது.

தபால் இலாகாவில் ரிடையரான நண்பர் ஒருவர் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். வீட்டை விற்பதற்காக 2019-ல் பரணைக் காலி செய்யும்போது அம்மாவின் தையல் மெஷின் கிடைக்கிறது. உடனே 1968. அப்பா அதைத் தவணையில் வாங்குகிறார். அங்கிருந்து 1981, அக்கா கல்யாணத்துக்காக அது அடகுக்கடைக்குப் போகிறது. பிறகு 1974, இவருக்கு ஸ்கூல் டிராயர். நடுவில், 'அன்று நல்ல மழை' என்று ஒரு வரி. எந்த அன்று? பேத்தி படித்துவிட்டு, "இதுல அம்மா வேற, பாட்டி வேறயா தாத்தா?" என்றாளாம்.

நான் படித்தது பி.காம். தேதி இல்லாத வவுச்சர் எனக்கு ஆகாது. ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் வருஷத்தைக் குறிக்கச் சொன்னேன். ஒரு பக்கத்துக்குள் நாலு தாவல்!

"இதில் எதை எடுத்தால் மனசு கேட்காது?"

"எண்பத்தொண்ணுதான் சார். மூணு வருஷம் கழிச்சு மீட்டோம். அதுக்குள்ள அம்மாவுக்குக் கண்ணு போயிடுச்சு. அப்புறம் தைக்கவே இல்லை."

அதுதான் கதை. நாலு தாவலில் அது அமுங்கிக் கிடந்தது. 1974-ஐ எடுத்துவிட்டோம். 1968-க்குத் தனிப் பத்தி வேண்டாம், 'அப்பா தவணையில் வாங்கிய மெஷின்' என்ற நாலு வார்த்தை போதும். மிச்சம் 2019, 1981. போக ஒரு தாவல், வர ஒரு தாவல்.

போகும்போது முதல் வாக்கியத்திலேயே காலம் தெரிய வேண்டும். 'அக்கா கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, இதே மெஷின் அடகுக்கடைக்குப் போயிருந்தது' என்று மாற்றினார். 'போயிருந்தது' என்பதுதான் வாசல்படி. தாண்டியபின் 'அம்மா அழுதாள்', 'அப்பா வெளியே போனார்' என்று சாதாரண இறந்தகாலம் போதும். எல்லா வரியிலும் 'இருந்தது, இருந்தாள்' என்று இழுத்தால் வாசகர் களைத்துவிடுவார். 'நேற்று', 'நாளை' இரண்டும் 2019-க்குச் சொந்தம். 1981-க்குள் 'முந்தின நாள்', 'மறுநாள்'. அம்மா எந்த வருஷத்திலும் அம்மாதான், திடீரென்று பாட்டியாகக் கூடாது.

திரும்பி வர, போன பொருளையே பிடித்துக்கொள்ள வேண்டும். புதுப் பத்தி: 'பரணிலிருந்து இறக்கிய மெஷினின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். துரு.' வருஷம் எழுதாமலே 2019 வந்துவிட்டது.

எழுதியதை யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள். நடுவில் சட்டென்று நிறுத்தி, "இப்ப எந்த வருஷம்?" என்று கேளுங்கள். அவர் யோசித்தால், அந்தப் பத்தியின் முதல் வரியைத்தான் திருத்த வேண்டும்.

பேத்தியிடம் மறுபடி கொடுத்தாராம். இந்தத் தடவை அவள் கேட்டது வேறு கேள்வி: "அந்த மூணு வருஷம் பாட்டி என்ன பண்ணாங்க தாத்தா?"