பொன்னாடை போர்த்திய மலையும் ஆறு இருபத்தெட்டு மணியும்

"மேகமலையில் சூரியோதயம். இயற்கை அன்னை பொன்னாடை போர்த்திய அழகிய காலை!"

உத்தமபாளையத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில், மாணவர்கள் எடுத்த படங்களைச் சுவரில் ஒட்டி ஒரு சிறு கண்காட்சி வைத்தோம். அதற்காக வந்த ஒரு படத்தின் கீழே இந்த வரிகள் இருந்தன. எடுத்தவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. படம் நல்ல படம். கீழே வயலும் தென்னையும் இருட்டாக இருக்கின்றன. அவற்றுக்கு மேல் வெள்ளையாக ஒரு பட்டை, அதற்கும் மேலே மங்கலாக இன்னொரு பட்டை. பின்னால் மலை. மலையின் தலை மட்டும் மஞ்சளாக எரிகிறது. மலையின் நடுவில், நிழலுக்குள், சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் சில.

இந்தப் படத்துக்கு விளக்கம் எழுத எங்களுக்கு மூன்று மாலை ஆனது. மூன்று வரிக்கு மூன்று மாலையா என்று கேட்கலாம். நம் தெருக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய படவிளக்கங்களைப் படித்துக் கோபப்படுகிறவர்கள் நாம். நாமே எழுதும்போது எப்படி எழுதுகிறோம் என்று ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் அல்லவா, தோழர்களே?

முதல் மாலை முழுக்கத் திசையிலேயே போனது. படத்தில் சூரியன் இல்லை. "சூரியோதயம்" என்று எழுதியிருக்கிறது, சூரியன் எங்கே என்று ஒரு பையன் கேட்டான். மலைக்குப் பின்னால் என்றார்கள் சிலர். அப்படியானால் மலையின் முகம் நிழலில் கருத்திருக்க வேண்டும், விளிம்பு மட்டும் ஒளிர வேண்டும். இங்கே மலையின் முகமே மஞ்சளாக இருக்கிறது. அதாவது சூரியன் படம் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. உத்தமபாளையத்தில் காலையில் முதுகை வெயிலுக்குக் காட்டி நின்றால் எதிரே தெரிவது மேற்குப் பக்கத்து மலை. அதன் உச்சியைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். மேகமலை கிழக்குப் பக்கம், அவர் முதுகுக்குப் பின்னால். விளக்கத்தின் முதல் சொல்லே வேறு மலையின் பெயர்.

இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேகமலை என்ற பெயர் இப்போது சுற்றுலா விளம்பரங்களில் எல்லா மலைக்கும் போதுமான பெயராகிவிட்டது. அந்த மலைக்கே தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் வைத்த ஹைவேவிஸ் என்ற பெயரும், அதற்கு முந்தைய பச்சைக்கூமாச்சி என்ற பெயரும் உண்டு. மேற்குப் பக்கத்து மலையை எங்கள் தெருவில் யாரும் அலங்காரமாகக் கூப்பிடுவதில்லை. "மேக்கு மலை" என்றுதான் சொல்வார்கள். விளக்கத்துக்கு அதுவே போதும் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது நேரம். படம் வகுப்புக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அப்படி வரும் படத்தில், எடுத்த நேரம், இடம் போன்ற தகவல்கள் பெரும்பாலும் அழிந்துபோகும். நாம் பெற்ற நேரத்தையே எடுத்த நேரமாக நினைத்து ஏமாறுவோம். அதனால் அவருடைய போனிலேயே மூலப்படத்தைத் திறந்து, அதன் விவரப் பகுதியைப் பார்த்தோம். நவம்பர் கடைசி வாரம், காலை 6.28.

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டோம். அந்த வாரத்தில் எங்கள் ஊரில் சூரியன் எழுவது ஏறத்தாழ 6.20 மணிக்கு. ஆனால் அது தட்டையான அடிவானத்துக்கான நேரம். எங்கள் கிழக்கே மலை இருக்கிறது. பள்ளத்தாக்கின் தரையிலிருந்து அந்த மலை சுமார் ஆயிரம் மீட்டர் உயரம், பத்து கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், அது அடிவானத்தில் ஏறக்குறைய ஆறு பாகை உயரத்தை மறைக்கும். சூரியன் ஒரு பாகை ஏற நான்கு நிமிடம். ஆக, வயலில் நிற்பவருக்கு வெயில் வர 6.20க்குப் பிறகு இன்னும் இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். மேற்கு மலையின் உச்சிக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. அதுவே உயரத்தில் இருக்கிறது, கிழக்கு மலை அதன் வெயிலைக் கொஞ்ச நேரம்தான் மறைக்க முடியும். அதனால்தான் 6.28க்கு மலையின் தலையில் வெயில், அடியில் இருட்டு. அந்த வெயிலின் கோடு நிமிடத்துக்கு நிமிடம் மலையில் இறங்கும். மறுநாள் காலை அதே இடத்தில் நின்று ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுத்து ஒப்பிட்டோம், கோடு இறங்கியிருந்தது.

படத்தை வைத்து நேரத்தைச் சோதிப்பது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவில் எடுத்த, நிலா எழும் படம் ஒன்று உலகப் புகழ்பெற்றது. ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர், அதன் கல்லறைச் சிலுவைகள், பின்னால் மலை, மேலே நிலா. எந்த ஆண்டு எடுத்தோம் என்பதை அவரே வெவ்வேறு விதமாகச் சொல்லிவந்தார். படத்தில் நிலா நின்ற இடத்தை வைத்து வானியல் தெரிந்தவர்கள் கணக்கிட்டார்கள். முதலில் 1941 அக்டோபர் 31 என்றார்கள். பிறகு வேறொருவர் அதைச் சரிபார்த்து 1941 நவம்பர் 1 என்று திருத்தினார். அந்தப் படத்தின் தலைப்பில் நிலாவோடு ஊரின் பெயரும் இருக்கிறது. எங்களுக்குப் பிடித்தது அதுதான்.

இரண்டாவது மாலையில், எதிர்பார்த்தபடியே, நம் பக்கத்துத் தேய்ந்த சொற்கள் வந்துசேர்ந்தன. "பொன்னாடை" வேண்டாம் என்றதும் ஒரு தோழர் எழுதினார்: "உழைக்கும் மக்களின் ரத்தத்திலும் வியர்வையிலும் சிவக்கும் மலை." கைதட்டல் கிடைத்தது. ஆனால் மலை சிவந்தது ரத்தத்தால் அல்ல. சூரியன் தாழ இருக்கும்போது வெளிச்சம் நீண்ட தூரம் காற்றைக் கடந்து வருகிறது, நீலம் வழியில் சிதறிப்போகிறது, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. இந்த வரியை ஊட்டியில் எடுத்த படத்துக்கும் போடலாம், இலங்கையில் ஹட்டனில் எடுத்த படத்துக்கும் போடலாம். எங்கும் பொருந்துகிற வரி எங்கும் எதையும் பார்க்கவில்லை. இயற்கை அன்னையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உழைக்கும் மக்களை உட்காரவைத்தால் மக்களும் பொன்னாடை ஆகிவிடுகிறார்கள். தோழர் கொஞ்சம் முறைத்தார், பிறகு அவரே அடித்துவிட்டார்.

பிறகு பட்டைகளுக்கு வந்தோம். இரண்டையும் "பனிமூட்டம்" என்று ஒரே சொல்லில் முடிக்கப் பார்த்தார்கள். மூலப்படத்தைப் பெரிதாக்கினால் இரண்டும் ஒன்றில்லை என்று தெரிகிறது. கீழ்ப்பட்டை தூய வெள்ளை, முல்லைப் பெரியாற்றை ஒட்டிய நெல்வயல் மேல் தரையோடு தரையாகக் கிடக்கிறது. மேல்பட்டை நீலமும் சாம்பலும் கலந்த நிறம். அதன் ஒரு முனை வால்போலக் கீழே இறங்கி வீடுகளுக்குள் போகிறது. பனிக்கு அப்படி வால் இருக்காது. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிவிடும்; மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று மூடிபோல இருக்கும். புகை அந்த மூடியில் முட்டி, மேலே போக முடியாமல் படுத்துக்கொள்ளும். அது எந்தப் புகை என்று படம் சொல்லாது. போய்ப் பார்த்தோம். வெந்நீர் அடுப்பும் சோற்று அடுப்பும். கேஸ் இருக்கிற வீட்டிலும் குளிக்க வெந்நீர் விறகில்தான்.

வெளிச்சப் புள்ளிகள்தான் கடைசி. ஏலக்காட்டுக்குப் போகும் ஜீப்புகள் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பல ஊர்களிலிருந்து பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் ஏலத்தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புவது எல்லோரும் அறிந்தது. ஆனால் படத்தில் தெரிவது ஜோடி ஜோடியாக விளக்குகள் மட்டுமே. அது பேருந்தாகவும் இருக்கலாம், காய்கறி வண்டியாகவும் இருக்கலாம். அதனால் ஒரு காலையில் மலைப்பாதையின் அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். போனவற்றில் ஜீப்புகளே அதிகம், நடுவில் ஒரு பேருந்து, சில லாரிகள்.

மூன்றாவது மாலை அந்த மாணவி தன் தெருவில் இருக்கும் ஓர் அத்தையை அழைத்துவந்தார். பல வருடமாக ஏலக்காட்டுக்குப் போகிறவர். படத்தைக் கையில் வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இது எத்தன மணிக்கு எடுத்தது தாயி?"

"ஆறரைக்கு ரெண்டு நிமிசம் முன்னாடி அத்த."

"அந்நேரம் எங்க ஜீப்பு மேட்டத் தாண்டிருக்கும். இது பிந்திப் போற வண்டிக."

அவரிடம் கேட்ட பிறகுதான் விளக்கத்தில் எது பார்த்தது, எது கேட்டது என்று பிரித்து எழுத வேண்டும் என்பது பிடிபட்டது. ஒரு மாணவர், "தலித் பெண்கள் செல்லும் ஜீப்புகள்" என்று எழுதலாம் என்றார். நம் தெருப் பெண்கள் அந்த ஜீப்புகளில் போகிறார்கள், உண்மை. வேறு சாதிப் பெண்களும் போகிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தெரியும் விளக்கில் சாதி தெரியாது. தெரிந்ததாக எழுதினால் படம் பொய் சொல்லும். அந்த ஜீப்பில் யார் எங்கே உட்கார்கிறார்கள், தோட்டத்தில் யாருக்கு எந்த வேலை என்பதெல்லாம் அத்தையிடம் கேட்டு எழுத வேண்டிய தனிக் கட்டுரை. அதை ஒரு மலைப்படத்தின் காலடியில் திணிக்கக் கூடாது.

அத்தை இன்னொன்றும் கேட்டார். "மூஞ்சி தெரியுதா?" தெரியவில்லை என்றோம். வண்டி நம்பர்? அதுவும் இல்லை. "அப்பப் போட்டுக்க. தோட்டத்துப் பேரப் போட்டுறாத. நாளைக்கு ஏறவிட மாட்டான்." ஜீப்புகளில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவது பேச்சாகிவிட்டால் முதலில் வேலை போவது யாருக்கு என்று அவருக்குத் தெரியும். தோட்டத்தின் பெயரை மட்டுமல்ல, அவர் தெருவின் பெயரையும் விட்டுவிட்டோம்.

கடைசியில் ஒட்டியது இது:

"உத்தமபாளையம், நவம்பர் கடைசி வாரம், காலை 6.28. மேற்கு மலையின் உச்சியில் மட்டும் வெயில். கீழே வயல்மேல் பனி, அதற்கு மேலே படுத்திருப்பது வீடுகளின் அடுப்புப் புகை. மலைப்பாதையில் தெரிவது வண்டி விளக்குகள். இந்த நேரத்தில் இந்தப் பாதையில் ஏலக்காட்டு வேலைக்குப் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் போகும் என்கிறார், தினமும் அதில் போகும் ஒருவர். அவருடைய ஜீப் இதற்கு முன்பே போய்விட்டது."

நீளம்தான். "வீடுகளின்" என்ற சொல்லை வெட்டலாமா என்று இன்னும் சண்டை நடக்கிறது. "அழகு" என்ற சொல் எங்கும் இல்லையே என்று கண்காட்சிக்கு வந்த ஆசிரியர் ஒருவர் வருத்தப்பட்டார். படத்தின் முன்னால் அவரும் வெகுநேரம் நின்றார்.

அத்தை தனக்கு ஒரு பிரதி கேட்டார். தன் ஜீப் இருக்கிற படமாக வேண்டுமாம். "அஞ்சு மணிக்கு வந்து எடு" என்றார். அந்நேரத்தில் மலையும் தெரியாது, வெறும் இருட்டில் விளக்குப் புள்ளிகள்தான் வரும் என்று மாணவி சொன்னார்.

"வரட்டுமே. நான் அதத்தானே பாக்குறேன்."