பாலுக்குப் போகும் பங்கு

சேலையூரில் எங்கள் வீட்டில் தங்கை பிள்ளை பெற்றிருந்த மாதங்களில் இரண்டு கட்சிகள் இருந்தன. நடந்தால் பால் வற்றும் என்பது அம்மாவின் கட்சி. சாப்பாட்டைக் குறைத்தால்தான் உடம்பு இளைக்கும் என்பது தங்கையின் கட்சி. இரண்டிலும் பாதிதான் உண்மை.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் குடிக்கிறது. அந்தப் பாலில் சுமார் 500 கலோரி உண்டு. அதைச் சுரப்பதற்கான செலவையும் சேர்த்தால் 600ஐத் தொடும். முதல் ஆறு மாதங்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் கூடுதலாகப் பரிந்துரைப்பதும் 600 கலோரியே. கர்ப்பத்தில் சேர்ந்த கொழுப்பு அதில் ஒரு பகுதியைக் கொடுக்கும்; முழுவதையும் கொடுக்காது.

நடையால் பால் வற்றுவதில்லை. 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தாய்மார்கள் வாரம் ஐந்து நாள், முக்கால் மணி நேரம் பயிற்சி செய்தார்கள். பாலின் அளவு குறையவில்லை. ஆனால் செலவழித்ததை உணவில் ஈடுகட்டிக்கொண்டதால் எடையும் தனியாகக் குறையவில்லை. 2000இல் வந்த இன்னோர் ஆய்வில், எடை மிகுந்த தாய்மார்கள் பிரசவமான நான்கு வாரங்களுக்குப் பிறகு உணவில் 500 கலோரி குறைத்துப் பயிற்சியும் செய்தபோது வாரம் அரைக் கிலோ இளைத்தார்கள். குழந்தைகளின் வளர்ச்சி குன்றவில்லை. மெலிந்த, இரத்தசோகையுள்ள தாய்க்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

தங்கைக்குச் சுகப்பிரசவம். ஆறாவது வாரம் மருத்துவர் சம்மதித்ததும் இடுப்படித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும், ஏரிக்கரையில் பத்து நிமிட நடையும் தொடங்கினாள். வாரம் ஐந்து நிமிடம் கூட்டினாள். சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கனத்தாலோ, நின்ற உதிரப்போக்கு மீண்டும் வந்தாலோ ஒரு படி இறங்க வேண்டும் என்பது மருத்துவர் சொல்.

மூன்றாம் மாதம் அவள் இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினாள். இரண்டு வாரத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தது. ஆனால் அதுவரை வாரம் 200 கிராம் ஏறிவந்த குழந்தை, அந்த இரண்டு வாரமும் சேர்த்து 150 கிராம்தான் ஏறியிருந்தது. நனைந்த துணிகளும் நாளுக்கு ஆறுக்குக் கீழே போயின. மார்பு தளர்ந்திருப்பதை அம்மா அடையாளமாகக் காட்டினார். ஆறு வாரங்களுக்குப் பின் அது இயல்பே. எடையும் ஈரத்துணியும்தான் நம்பத்தக்க சான்று.

மருத்துவரிடம் காட்டிய பிறகு இரவுக்கு மூன்று இட்லியும் சாம்பாரும் ஒரு முட்டையும் திரும்பின. மாலைக்குச் சுண்டல் வந்தது. குறைந்தது சோற்றில் ஊற்றும் நெய்யும், காப்பிச் சர்க்கரையும், முறுக்குமே. பசித்த போதெல்லாம் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். அடுத்த எடையில் குழந்தை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அதன்பின் அவள் மாதம் ஒன்றரைக் கிலோ வீதம் இளைத்தாள். நடைக்குக் கிளம்புமுன் பால் கொடுத்துவிடுவாள்: பால் கெடும் என்பதற்காக அல்ல, நிறைந்த மார்போடு நடப்பது வலிக்கும் என்பதற்காக.