தீமஹி

சந்தியாவந்தனமும் பொருளுமாக 32 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் மெய்ப்புப் பார்க்க வந்தது. 9ஆம் பக்கத்தில் காயத்ரிக்குப் பொருள், "ஒளியைத் தியானிக்கிறோம்" என்று இருந்தது. 21ஆம் பக்கத்தில் சொல் சொல்லாகப் பிரித்திருந்த இடத்தில், அதே 'தீமஹி'க்கு "அடைவோமாக" என்று போட்டிருந்தார்கள். எழுதியவருக்குப் போன் செய்தேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா, விட்டுடுங்கோ" என்றார். மெய்ப்புப் பார்ப்பவளுக்கு அப்படி விடத் தெரியாது.

பூணூல் போடாத வீட்டுப் பெண் நான். காயத்ரி எனக்குக் காதில் விழுந்த மந்திரம்தான், வாயில் வந்ததில்லை. அதனால் முதலில் அது எங்கே இருக்கிறது என்றே தேடவேண்டியிருந்தது. ரிக்வேதம், 3ஆம் மண்டலம், 62ஆம் சூக்தம், 10ஆவது மந்திரம். விசுவாமித்திரர் குடும்பத்தின் மண்டலம் அது. 62 அதன் கடைசிச் சூக்தம். 18 மந்திரங்களும் மும்மூன்றாக ஆறு தொகுதி, ஒவ்வொன்றும் வேறு வேறு தெய்வத்துக்கு. இந்திரன்-வருணன், பிரகஸ்பதி, பூஷன், சவிதா, சோமன், மித்திரன்-வருணன் என்று வரிசை போகிறது. நாலாவது தொகுதியின் முதல் மந்திரம்தான் நம் காயத்ரி. கோயில் கருவறை மாதிரி தனி இடத்தில் இருக்கும் என்று நினைத்துப் போனவளுக்கு, பந்தியில் நடுவில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்ததுபோல இருந்தது. முன்னால் வரும் 'ஓம் பூர் புவஸ் ஸுவ:' அங்கே இல்லை. அது யஜுர்வேத மரபில் வந்து சேர்ந்தது. சுக்ல யஜுர்வேதத்தின் 36ஆம் அத்தியாயத்தில் இரண்டும் ஒன்றாக நிற்கின்றன.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வடமொழி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மெய்ப்புத் தாளோடு அவரிடம் போனேன்.

"முதல்ல எழுத்தை எண்ணுங்கோ" என்றார். காயத்ரி என்பது சந்தத்தின் பெயர். எட்டு அசையில் மூன்று அடி, மொத்தம் 24. முதல் அடியை விரல்விட்டு எண்ணினேன். ஏழுதான் வந்தது. "வரேண்யம்னு படிச்சா ஏழு. வரேணியம்னு படிங்கோ." எட்டு வந்துவிட்டது. ஜபத்தில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். பிருகதாரண்யக உபநிஷத்து காயத்ரியின் எட்டைக் கணக்கிடும்போது, பூமி, அந்தரிக்ஷம் என்பவற்றோடு 'த்யௌ' என்ற சொல்லையும் 'தியௌ' என்று இரண்டாக நீட்டித்தான் எட்டு ஆக்குகிறது. பழைய உச்சரிப்பின் தடம் அது.

அப்புறம் சொற்கள். 'தத்', அது. பக்தி நூல்களில் இதைப் பரம்பொருளாகவே ஆக்கிவிடுகிறார்கள். ஆனால் இலக்கணப்படி அது பின்னால் வரும் 'பர்க:' என்ற அஃறிணைச் சொல்லைச் சுட்டுகிறது: அந்த ஒளி. 'சவிதுர்', சவிதாவினுடைய. சூரியன் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். வேதத்தில் சூரியனுக்குத் தனிப் பெயரும் தனிச் சூக்தங்களும் உண்டு. சவிதா பொன் கை உயர்த்தி உலகைக் காலையில் வேலைக்குக் கிளப்புகிறவன், இரவில் ஓயவைக்கிறவனும் அவனே. 'சூ' என்றால் கிளப்பிவிடு, ஏவு. 'வரேண்யம்', விரும்பித் தெரிந்தெடுக்கத் தக்க. 'தேவஸ்ய', தேவனுடைய. 'திய:', எண்ணங்களை. 'ய:', எவன். 'ந:', நம்முடைய. 'ப்ரசோதயாத்', தூண்டுவானாக. ஏவுகிறவன் என்று பெயர் கொண்டவனிடம் ஏவு என்றே கேட்கிறது மந்திரம்.

'ய:' என்பதில் ஒரு பிடி இருக்கிறது. 'எது' அல்ல, 'எவன்'. ஒளி அஃறிணை, ஆகவே தூண்டுவது சவிதா. "அந்த ஒளி எம் அறிவைத் தூண்டட்டும்" என்று எழுதுபவர்கள் பாலை மாற்றிவிடுகிறார்கள். எங்கள் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. இதை மறுபேச்சில்லாமல் திருத்தினேன்.

மிஞ்சியது 'தீமஹி'. தியானிக்கிறோம் என்பதற்கு 'த்யை' வேர். அதிலிருந்து வந்தால் 'த்யாயேம' என்பது போன்ற வடிவம்தான் வரவேண்டும் என்றார் ஆசிரியர். 'தீமஹி' இலக்கணப்படி 'தா' என்ற வேருக்கு உரியது.

"தா என்றால் கொடுப்பதுதானே சார்?"

"தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே தாதான். தானத்துல வர்ற தா வேற. நிதி, சமாதானம் இதுல வர்ற தா வேற. அதுக்கு 'வை'னு அர்த்தம்."

அதோடு அது ஆத்மனேபதம், செயலின் பயன் செய்பவனுக்கே திரும்பும் வடிவம். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஒரு வாக்கியம் சுற்றவேண்டும். தமிழில் 'கொள்' இருக்கிறது: வைத்துக்கொள்வோமாக. நமக்கென ஆக்கிக்கொள்வோமாக. 2014இல் வெளியான ஜேமிசன்-பிரெரெட்டன் ரிக்வேத மொழிபெயர்ப்பும் இந்தப் பக்கம்தான். அதற்கு முன்பே கிரிஃபித், அடைவதாகவே எழுதினார். வில்சனும் விவேகானந்தரும் தியானிப்பதாக எழுதினார்கள். அடுத்த மந்திரத்தைப் பார்த்தால் வைத்துக்கொள்ளும் பொருளுக்கே வலு கூடுகிறது. அங்கே அதே சவிதாவிடம் செல்வத்தின் பங்கை 'ஈமஹே', வேண்டுகிறோம், என்று கேட்கிறார்கள். கேட்டுப் பெறும் கூட்டத்தில் இது.

அப்படியானால் மரபு தவறா? விஜயநகரக் காலத்துச் சாயணர் 14ஆம் நூற்றாண்டிலேயே இரண்டையும் எழுதிவைத்திருக்கிறார். முதல் உரையில் தியானிக்கிறோம். இன்னொரு உரையில் 'பர்க:' என்பதை அன்னம் என்று கொள்கிறார். அங்கே 'தீமஹி' தாங்குகிறோம், வைத்துக்கொள்கிறோம் என்று மாறுகிறது. சோற்றைத் தியானிக்க முடியாதல்லவா! 'திய:' என்பதற்கும் அவர் கர்மங்கள், புத்திகள் என்று இரண்டு பொருள் தருகிறார். வில்சன் சடங்குகளைத் தூண்டுவதாக மொழிபெயர்த்ததன் மூலம் இதுதான்.

தியானப் பொருள் எப்படி வேரூன்றியது என்பதற்கு விடை, கோயில் குருக்கள் சொல்லும் மற்றக் காயத்ரிகளில் இருக்கிறது. விநாயகருக்கு, ருத்திரருக்கு என்று வரும் அந்த மந்திரங்கள் 'வித்மஹே', 'தீமஹி', 'ப்ரசோதயாத்' என்று ஒரே அச்சில் வார்த்தவை. அவற்றில் தெய்வத்தின் பெயர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறது, 'அவருக்கு' என்று. ஒளியை வைத்துக்கொள்ளலாம், 'விநாயகருக்கு வைத்துக்கொள்வோம்' என்றால் ஒன்றும் ஆகாது. அந்த மந்திரங்களைச் செய்தவர்கள் 'தீமஹி'யைத் தியானமாகவே கேட்டிருக்கிறார்கள். மூல மந்திரத்திலும் 'தீமஹி' முடிந்த இடத்தில் 'தியோ' தொடங்குகிறது. காது இரண்டையும் ஒரே குடும்பமாகச் சேர்த்துவிடும்.

ஆசிரியர் எழுந்துபோய்ப் பாரதியைக் கொண்டுவந்தார். 1912இல் வந்த பாஞ்சாலி சபதத்தில், அத்தினபுரத்துக்குப் போகும் வழியில் அருச்சுனன் பாஞ்சாலிக்கு அந்தி வானத்தைக் காட்டுகிறான். அந்தப் பேச்சின் கடைசியில் காயத்ரி தமிழாகிறது. சவிதா மாலைக்கும் உரியவன் என்பதால் இடம் பொருத்தமாக அமைந்திருக்கிறது. 'தீமஹி' இருக்கவேண்டிய இடத்தில் பாரதி வைத்த சொல் 'தேர்கின்றோம்'. தேர்தல் என்றால் ஆராய்தல், மனத்தில் தெளிதல். கொக்கு இரை தேர்கிறது என்கிறபோது தேடிக்கொள்ளுதல். தெரிந்தெடுத்தலும் அதுவே, அங்கே 'வரேண்ய'மும் ஒட்டிக்கொள்கிறது. தூண்டுவதையும் ஒளியிடம் விடாமல் 'அவன்' என்று உயர்திணையில் வைத்திருக்கிறார். நான் பார்த்த மொழிபெயர்ப்புகளில் இதுவே சிறந்தது.

21ஆம் பக்கத்தில் "வைத்துக்கொள்வோமாக, மரபுரையில், தியானிப்போமாக" என்று திருத்தினேன். 9ஆம் பக்கத்தை எழுதியவர் மாற்றவிடவில்லை. புத்தகம் அப்படியே அச்சாகிவிட்டது.