பாதித் தாளத்தில் நின்ற கை

சேலையூரில் இருக்கும் அந்தத் தம்பதி கீபோர்டு வகுப்பில் சேர்ந்தபோது வீட்டில் இருந்தது ஒரே கீபோர்டுதான். அதனால் ஒருவர் வாசிக்க, மற்றவர் தாளம் போட வேண்டும் என்று முடிவானது. கணவர் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி வீடு சேர எட்டரை ஆகிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், அவ்வளவுதான்.

முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் சரளி வரிசை. ஏற 8 ஸ்வரம், இறங்க 8 ஸ்வரம். ஆதி தாளத்துக்கும் 8 எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு, வீச்சு இரண்டு முறை. முதல் காலத்தில் ஏறி இறங்க இரண்டு ஆவர்த்தனம். இரண்டாம் காலத்தில் ஒன்றே போதும். அதுவரை சண்டை இல்லை.

மூன்றாம் காலத்தில்தான் வம்பு வந்தது. மனைவி வாசித்து முடித்தபோது, கணவரின் கை அப்போதுதான் விரல் எண்ணி முடித்திருந்தது.

"நீங்க ஒழுங்கா போடலை."

"நீதான் ஓடுற."

இரண்டு நாள் கீபோர்டு உறைக்குள்ளேயே கிடந்தது.

உண்மையில் இருவர் மேலும் தப்பில்லை. மூன்றாம் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு 4 ஸ்வரம். 16 ஸ்வரமும் 4 எண்ணிக்கையில் தீர்ந்துவிடும். வரிசையை இரண்டு முறை வாசித்தால்தான் தாளம் முழுசாகும். டீச்சர் இதைச் சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் 'ஓடுற' புகார் முழுப் பொய்யில்லை. விரல்கள் வேகமெடுத்தால் தாளம் போடும் கையும் கூடவே ஓடும். இப்போது போனில் மெட்ரோநோமை 40-ல் வைத்துக்கொள்கிறார்கள். தட்டு அந்தச் சத்தத்தை முந்தினால் தெரிந்துவிடும். பெரும்பாலும் முந்துவது கணவர்தான்.