கயிற்றின் பாதியும் நேரத்தின் பாதியும்

இரண்டு கயிறுகள், ஒரு லைட்டர். ஒவ்வொரு கயிறும் முழுதாக எரிந்து தீர ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் சீராக எரியாது. இவற்றைக் கொண்டு 45 நிமிடங்களை அளக்க வேண்டும்.

புதிரைக் கேட்பவரின் கை முதலில் கயிற்றை இரண்டாக மடிக்கவே போகிறது. அங்கேதான் பிழை. ஒரு மீட்டர்க் கயிற்றின் இடப்பக்கப் பத்து சென்டிமீட்டர் எரிய 50 நிமிடங்களும், எஞ்சிய தொண்ணூறு எரிய 10 நிமிடங்களும் ஆகலாம். நீளத்தின் பாதி, நேரத்தின் பாதியன்று.

அதே கயிற்றை இரு முனைகளிலும் பற்றவைத்தால்? பத்தாம் நிமிடத்தில் வலப்பக்கத் தீ தொண்ணூறு சென்டிமீட்டரையும் தின்றுவிடும். இடப்பக்கம் 40 நிமிடங்களுக்கான கயிறு மிஞ்சும். இரு தீயும் சேர்ந்து அதை 20 நிமிடங்களில் முடிக்கும். மொத்தம் 30. தீ சந்திக்கும் இடம் நடுவில் இல்லை. அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

அதே கணத்தில் இரண்டாம் கயிற்றையும் ஒரு முனையில் மட்டும் கொளுத்தியிருக்க வேண்டும். முதற்கயிறு அணையும்போது அதில் மிஞ்சுவது, நீளம் எதுவாயினும், 30 நிமிடங்களுக்கான கயிறு. உடனே மறுமுனையையும் பற்றவைத்தால் 15 நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆக 45.

புதிர் வாய்விட்டுச் சொல்லாத நிபந்தனை ஒன்று உண்டு: எந்தத் துண்டும் எத்திசையில் எரிந்தாலும் அதே நேரமே எடுக்க வேண்டும். தொங்கவிட்ட கயிற்றில் இது பொய்க்கும். கீழிருந்து ஏறும் தீ, மேலிருந்து இறங்கும் தீயைவிட விரைவானது.