தாளில் தெரியாத மருந்து

வார்ஃபரின் ஒன்றே ரத்தம் உறையாதிருக்கப் பெரும்பாலும் கொடுக்கப்பட்ட மாத்திரையாக இருந்த காலத்தில், ஐ.என்.ஆர். 1.2 என்று தாளில் கண்டால் மனம் சமாதானமடைவது உறைவுப் பரிசோதனைச்சாலையில் இருந்த எங்களுக்கு இயல்பு. அந்தக் கணக்கே வார்ஃபரினுக்காக வகுக்கப்பட்டதாதலால் அதில் நியாயமும் இருந்தது.

இரவு முற்றத்தில் வழுக்கி விழுந்து, விடியும்வரை தண்ணீரின்றிக் கிடந்து, இடுப்பெலும்பு முறிந்த நிலையில் கொண்டுவரப்பட்ட 78 வயது மூதாட்டி ஒருவருக்கும் அதே 1.2 தான் வந்தது. "டாக்டர், ஐ.என்.ஆர். நன்றாகத்தானே இருக்கிறது, முதுகில் ஊசி போட்டு மயக்கம் கொடுக்கலாமா?" என்று மயக்க மருத்துவர் தொலைபேசியில் கேட்டார். இருதயத் துடிப்பு ஒழுங்கற்றிருந்ததற்காக அந்த அம்மாள் டாபிகாட்ரான் சாப்பிடுகிறார் என்பதையும், விழுவதற்குச் சற்று முன்தான் இரவு மாத்திரை விழுங்கினார் என்பதையும் மகன் சொன்னபோது, சற்றுப் பொறுக்கும்படி வேண்டிக்கொண்டேன்.

டாபிகாட்ரான் த்ரோம்பினையே நேராகப் பற்றித் தடுப்பது, ஐ.என்.ஆர். பரிசோதனையிலோ திசுக்காரணியை ஏராளமாகச் சேர்ப்பதால் த்ரோம்பின் வெள்ளமாய்ப் பெருகிவிட, மருந்தின் தடை அதில் அமிழ்ந்துபோகிறது. ஆகவே பிளாஸ்மாவில் த்ரோம்பினையே நேராகச் சேர்த்துப் பார்க்கும் த்ரோம்பின் நேரத்தை எடுத்தேன். சாதாரணமாக இருபது வினாடிக்குள் உறைய வேண்டியது, 120 வினாடியாகியும் உறையாமல் குழாயில் தெளிவாகவே நின்றது. சிரையில் கிடந்த ஊசிக்குழலிலிருந்து ஹெபரின் கலந்தாலும் இவ்வாறே ஆகும் என்பதால், மற்றக் கையில் புதிதாக ரத்தம் எடுக்கச் செய்தேன், அதுவும் அப்படியே.

ஆனால் இப்பரிசோதனைக்கு ஒரு குறையுண்டு: மருந்து சொற்பமாயிருந்தாலும் இவ்வாறே நீளுமாதலால், அது இயல்பாக வந்தால் மருந்தில்லை என்று நிச்சயம் சொல்லலாமே ஒழிய, நீண்டால் எவ்வளவு என்று சொல்ல இயலாது. "ஆன்டி டென்-ஏ பார்த்துவிடலாமே" என்றார் இளம் மருத்துவர் ஒருவர். அது பத்தாம் காரணியைத் தடுக்கும் அபிக்சாபான் முதலியவற்றுக்கு உரியது, அதுவும் அந்தந்த மருந்தைக்கொண்டே அளவுகோல் அமைத்தால்தான் அளவு சொல்லும். த்ரோம்பினைத் தடுக்கும் மருந்து அதன் கண்ணில் படாது, 'இல்லை' என்ற பொய்ச் சாட்சியே கிடைக்கும்.

பிளாஸ்மாவைச் சாதாரணப் பிளாஸ்மாவால் நீர்த்து, டாபிகாட்ரான் அளவுகோலில் வைத்துப் பார்த்ததில் மில்லிலிட்டருக்கு 118 நானோகிராம் இருந்தது. கிரியாட்டினின் 1.9; இம்மருந்தில் எண்பது சதவீதத்தை வெளியேற்றும் சிறுநீரகங்களே சோர்ந்திருந்தன. முறிமருந்தான இடருசிசுமாப் அன்று கையிருப்பில் இல்லாததால், சிரைவழித் திரவம் ஏற்றிக் காத்திருந்தோம். மூன்றாம் நாள் காலை அளவு 22 ஆயிற்று. ஐ.என்.ஆர். அப்போதும் 1.1 தான்; அன்று பொது மயக்கத்தில் எலும்பைச் சேர்த்தார்கள்.