எதை வாபஸ் வாங்குகிறோம்?
சிதம்பரத்தில் எங்கள் பெரியம்மா, பக்கத்து வீட்டுச் சுவர் தன் மனைக்குள் வந்துவிட்டதாகவும் தெருச் சாக்கடை அடைத்திருப்பதாகவும் ஒரே மனுவில் எழுதி, கடலூர் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்திருந்தார். சர்வேயர் அளந்தபோது சுவர் சரியான இடத்தில்தான் இருந்தது.

"சமாதானமாகிவிட்டோம், மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று வாபஸ் கடிதம் எழுதினார். பக்கத்து வீட்டுக்காரர் தயங்கினார். "அக்கா, இதைப் படிச்சா நான் ஆக்கிரமிச்சுட்டு சமாதானம் பேசின மாதிரில்ல இருக்கு?" சாக்கடைக் கோரிக்கையும் அதோடு முடிந்துபோகும்.

மனு எண், தேதி போட்டு மாற்றி எழுதினோம். "அளந்ததில் சுவர் அவர் எல்லைக்குள் உள்ளது. சுவர் பற்றிய புகாரை மட்டும் முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். சாக்கடைக் கோரிக்கை தொடர்கிறது."

முத்திரை வாங்கிய நகலைப் பக்கத்து வீட்டுக்காரரிடமே கொடுத்தார் பெரியம்மா.